மணிக்கு 350 ரூபாய் – மாதத்துக்கு எவ்வளவு?

விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூரு ரயில், ராபர்ட்சன்பேட்டை மக்களின் அன்றாட வாழ்வில் ஓர் அங்கம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பல குடும்பங்களுக்கு இந்த இருப்புப்பாதையே பிழைப்புக்கான வழியாயிற்று. தந்தை சுரங்கத்தில் இறங்கினார். மகனோ மகளோ பங்காருப்பேட்டை வழியாக வைட்ஃபீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ இறங்குகிறார். அந்த ரயிலில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து வேலைவாய்ப்பு முகவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு விடை சொல்லவில்லை. மணிக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னார் என்பதே அது.

மணிக்கணக்கில் சொல்லப்படும் ஒரு தொகையை, இப்போது கைக்கு வரும் மாதச் சம்பளத்தோடு எப்படி நேர்மையாக ஒப்பிடுவது? இதற்கு வேண்டியது கூட்டலும் பெருக்கலுமே. ஆனால் எதைக் கூட்டுவது, எதனால் பெருக்குவது என்பதில்தான் பிழை நேர்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இக்கணக்கை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம்.

ஒரு தொலைபேசி அழைப்பு

ராபர்ட்சன்பேட்டையில் வசிக்கும் பொறியாளர் ஒருவரைக் கொள்வோம். வைட்ஃபீல்டில் உள்ள ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டு இரண்டு மாதங்களாக நிரந்தரப் பணியில் இருக்கிறார். பிடித்தங்கள் போக மாதம் ஏறக்குறைய 41,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் வரவாகிறது. வீட்டில் வயதான பெற்றோர் உள்ளனர். அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் பெற்றுச் சிறிய வீடொன்றைக் கட்டும் எண்ணமும் இருக்கிறது.

முகவர் அழைத்துச் சொல்கிறார்: “மணிக்கு முந்நூற்றைம்பது, சார். தினம் எட்டு மணி நேரம், மாதம் இருபத்தாறு நாள். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.”

பெருக்கினால் 72,800 ரூபாய் வருகிறது. 41,000 எங்கே, 72,800 எங்கே! அன்றிரவே பணிவிலகல் கடிதம் எழுதத் தோன்றுவது இயல்பு. ஆயினும் இவ்விரு எண்களும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. முதலாவது, எல்லாப் பிடித்தங்களும் போக எஞ்சிய தொகை. இரண்டாவது, எந்தக் கழிவும் இல்லாத, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாதத்தின் தொகை. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இருக்கும் வேலையின் முழு மதிப்பு

முதலில் இப்போதைய வேலையை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் தொகை அந்த வேலையின் முழு மதிப்பு ஆகாது. நம் பொறியாளரின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 25,000 ரூபாய், பிற படிகள் 19,000 ரூபாய். ஆக மொத்தம் 44,000. இதிலிருந்து அவருடைய வருங்கால வைப்புநிதிப் பங்காக அடிப்படைச் சம்பளத்தின் 12 சதவீதமான 3,000 ரூபாய் கழிகிறது. அது செலவன்று, அவருடைய பெயரிலேயே சேரும் சேமிப்பு. அதே அளவு தொகையை நிறுவனமும் தன் பங்காகச் செலுத்துகிறது. அது சம்பளத்துக்கு மேல் கிடைப்பது.

ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் 18,000 ரூபாய் ஊக்கத்தொகையை மாதத்துக்குப் பிரித்தால் 1,500 ஆகும். அடுத்தது பணிக்கொடை. ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 25,000 ரூபாய்க்கு இது ஆண்டுக்கு 14,423 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 1,200 ரூபாய்.

இவற்றைக் கூட்டுவோம். மொத்தச் சம்பளம் 44,000, நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கு 3,000, ஊக்கத்தொகை 1,500, பணிக்கொடை 1,200. ஆக 49,700 ரூபாய். இதுவே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய மாத மதிப்பு. நிறுவனம் எடுத்துத் தந்துள்ள குடும்ப மருத்துவக் காப்பீட்டை இதில் சேர்க்கவில்லை. அதை மறுபக்கத்தில், புதிய வேலையின் செலவாகக் கணக்கில் கொள்வோம். ஏனென்றால் நிறுவனம் தன் ஊழியர் அனைவருக்கும் சேர்த்துச் செலுத்தும் கட்டணம் குறைவாக இருக்கும்; அதே பாதுகாப்பை, அதுவும் வயதான பெற்றோருக்கு, நாமே தனியாக வாங்கும்போது ஆகும் செலவு அதிகம். நம் கைவிட்டுப் போவது அந்த அதிகத் தொகைதான்.

26 நாள் எங்கிருந்து வந்தது?

இனி 350 ரூபாய்க்கு வருவோம். முகவரின் பெருக்கலில் முதலில் ஐயுற வேண்டிய எண் 26. வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு ஓய்வு என்ற முறைக்கு உரிய எண் அது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பழகிய கணக்கு என்பதால் நம் ஊரில் யாருக்கும் அது உறுத்துவதில்லை. ஆனால் பெங்களூரின் பெரும்பாலான மென்பொருள், வடிவமைப்பு நிறுவனங்களில் வாரத்துக்கு ஐந்து நாள்தான் வேலை. ஓராண்டின் 365 நாளில் சனியும் ஞாயிறும் 104 நாள் போனால் எஞ்சுவது 261. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 21.75 நாள். இந்த ஒரு திருத்தத்திலேயே 72,800 ரூபாய் 60,900 ஆகக் குறைந்துவிடுகிறது.

அத்துடன் முடியவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளிலும் சம்பளம் உண்டு. மணிக்கணக்கில் பெறுபவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி, வேலை செய்யாத நாளுக்கு ஒன்றும் இல்லை. கர்நாடகத்தில் தேசிய, பண்டிகை விடுமுறைகள் ஆண்டுக்குப் பத்து நாள். குடியரசு நாளும் கன்னட ராஜ்யோத்சவமும் அவற்றுள் அடங்கும். 261-இல் பத்தைக் கழித்தால் 251.

நம் பொறியாளருக்கு இப்போது ஆண்டுக்கு 24 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு இருக்கிறது. காய்ச்சலும் உறவினர் திருமணமும் பெற்றோரின் மருத்துவமனைப் பயணமும் வேலை மாறியதால் நின்றுவிடப் போவதில்லை. அதே 24 நாளை இனி அவர் சம்பளமின்றி எடுப்பார். ஆக, 227 நாள்.

கடைசிக் கழிவு, பலரும் மறந்துவிடுவது. ஒப்பந்த வேலைக்கு முடிவு உண்டு. இந்த ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு என்று கொள்வோம். அது முடிந்து அடுத்தது தொடங்க மூன்று வாரம் ஆகலாம். அது 15 வேலை நாள். எஞ்சுவது 212 நாள். நாளுக்கு எட்டு மணி வீதம் ஆண்டுக்கு 1,696 மணி. மாதத்துக்குச் சராசரியாக 141 மணி. முகவரின் கணக்கில் இருந்ததோ 208 மணி.

1,696-ஐ 350-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,93,600 ரூபாய். மாதத்துக்கு 49,467 ரூபாய்.

இனி நம் தோளில் விழும் செலவுகள்

இத்தொகையிலிருந்து, இதுவரை நிறுவனம் ஏற்றுவந்த, அல்லது இதுவரை இல்லாத செலவுகளைக் கழிக்க வேண்டும். குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று கொண்டால் மாதத்துக்கு 2,500. வருமான வரிக் கணக்கைத் தணிக்கையாளர் வழியாகத் தாக்கல் செய்ய மாதத்துக்கு 500. புதிய அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பதால், ரயிலை விட்டு இறங்கிய பின் மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் கூடுதலாக 1,000. ஆக மொத்தம் 4,000 ரூபாய். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். வாசகர்கள் தத்தம் எண்களை இட்டுக்கொள்ளலாம்.

49,467-இல் 4,000 போக 45,467. இருக்கும் வேலையின் மதிப்பு 49,700. இரு மடங்கு போலத் தோன்றிய வாய்ப்பு, உண்மையில் மாதத்துக்கு 4,200 ரூபாய்க்கு மேல் குறைவானது.

இக்கணக்கில் உறுதியற்ற எண் ஒன்றே ஒன்று: இரு ஒப்பந்தங்களுக்கு இடைப்பட்ட காத்திருப்பு. அது எவ்வளவு முக்கியம் என்பதை, அந்த எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தால் அறியலாம். காத்திருப்பே இல்லை என்றால் ஆண்டுக்கு 1,816 மணி வேலை. செலவு போக மாதத்துக்கு 48,967 ரூபாய். அப்போதும் பழைய வேலையைச் சற்றே எட்டாமல் நிற்கிறது. இரண்டு மாதம், அதாவது 42 வேலை நாள், காத்திருக்க நேர்ந்தாலோ 39,167 ரூபாய்தான். மிக நல்ல நிலையிலும் கூடுதல் இல்லை. மோசமான நிலையில் பத்தாயிரத்துக்கு மேல் இழப்பு. இவ்வாறு இரு முனைகளையும் கணக்கிட்டுப் பார்ப்பது, நடுவிலுள்ள ஒற்றை எண்ணைவிடத் தெளிவான விடையைத் தரும்.

அப்படியானால் எவ்வளவு கேட்பது?

அதே கணக்கைத் திருப்பிச் செய்தால் நாம் கேட்க வேண்டிய தொகை கிடைக்கும். இருக்கும் வேலையின் மாத மதிப்பு 49,700. புதிய செலவுகள் 4,000. இரண்டும் சேர்ந்து 53,700. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 6,44,400. இதை 1,696 மணியால் வகுத்தால் 380 ரூபாய் வருகிறது. இது லாபமும் நட்டமும் இல்லாத சமநிலை விலை. இதற்குக் கீழே எந்தத் தொகையும் சம்பளக் குறைப்பே. வேலை உறுதியை விட்டுக் கொடுப்பதற்கு ஈடாகப் பத்து சதவீதமாவது சேர்த்தால், ஏறக்குறைய 420 ரூபாய் கேட்பது நியாயம்.

நம் பொறியாளருக்கு மட்டும் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. நிரந்தர ஊழியர் ஒருவர் தாமாக வேலையை விட்டால், பணிக்கொடை பெறப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்பணி வேண்டும். அவர் நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் நிற்கிறார். ஐந்தாண்டு நிறைந்தால் 72,115 ரூபாய் கிடைக்கும். அதில் சுமார் 60,000 ரூபாய் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு உரியது. இப்போது விலகினால் அது அப்படியே போய்விடும். மணிக்கு 420 ரூபாய் கிடைத்தால் மாதத்துக்கு 5,660 ரூபாய் கூடுதலாக வரும். அந்த 60,000-ஐ ஈடுகட்டவே ஏறக்குறைய பதினொரு மாதம் ஆகும். மணிக்கு 390 ரூபாய்க்கு இசைந்தாலோ கூடுதல் 1,420 ரூபாய்தான். ஈடுகட்ட மூன்றரை ஆண்டு வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி இதை விடுவதைவிட, இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்து பின்பு மாறுவது அவருக்கு நன்று. இதே இடத்தில் பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன ஒருவர் இருந்தால் முடிவு வேறாக இருக்கலாம்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

மேற்கண்ட கணக்கு சில ஊகங்களின் மேல் நிற்கிறது. அவற்றை உறுதி செய்துகொள்ள முகவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். விடைகளை மின்னஞ்சலில் எழுத்து மூலமாகப் பெறுவது நல்லது.

முதற்கேள்வி: நம்மை ஊழியராகச் சேர்க்கிறார்களா, ஆலோசகராகவா? ஊழியராக என்றால், வருங்கால வைப்புநிதியில் நிறுவனத்தின் பங்கு 350 ரூபாய்க்கு உள்ளேயா, வெளியேயா என்று கேட்க வேண்டும். உள்ளே என்றால் கணக்கில் மாற்றமில்லை. ஆனால் கைக்கு வருவது குறையும். வெளியே என்றால் அத்தொகையைப் புதிய வேலையின் பக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம். சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்றால் அந்த நாட்களைக் கழிக்க வேண்டியதில்லை.

ஆலோசகராக என்றால், ஒவ்வொரு பட்டியலிலும் பெரும்பாலும் 10 சதவீதம் வருமான வரி முன்பிடித்தமாகக் கழியும். நம் கணக்கில் அது ஆண்டுக்கு 59,360 ரூபாய். இது இழப்பன்று. இப்போதைய புதிய வரிமுறையில் இந்த அளவு வருமானத்துக்கு வரி இல்லையாதலால், கணக்கைத் தாக்கல் செய்தபின் திரும்பி வரும். ஆனால் அதுவரை அது நம் கையில் இராது. சரக்கு, சேவை வரியைப் பொறுத்தவரை, சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை.

இரண்டாவது கேள்வி, மணி எப்படி எண்ணப்படுகிறது என்பது. உணவு இடைவேளைக்குப் பணம் இல்லை என்றால், ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் இருந்து எட்டு மணிக்குத்தான் பெறுவோம். சில ஒப்பந்தங்களில் மாதத்துக்கு 160 மணிக்கு மேல் பட்டியலிட முடியாது என்ற வரம்பு இருக்கும். அதற்கு மேல் செய்யும் வேலை இலவசம். வேலை வராத நாளில் வீட்டுக்கு அனுப்பினால் அன்றைய கூலி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். குறைந்தபட்ச மணிக்கு உறுதி தராத ஒப்பந்தத்தில், மணிக்கு எவ்வளவு என்ற எண்ணுக்குப் பொருள் குறைவு.

மூன்றாவது கேள்வி, பணம் எப்போது வரும் என்பது. மாத இறுதியில் நேரப் பதிவேடு ஒப்புதல் பெற்று, அதன்பின் 45 நாளில் பணம் என்பது ஒப்பந்தமானால், ஜூன் முதல் நாள் தொடங்கிய வேலைக்கு முதல் வரவு ஆகஸ்டு நடுப்பகுதியில்தான். இடையில் இரண்டு மாதத் தவணைகளும் வீட்டுச் செலவும் காத்திரா. சேமிப்பில் மூன்று மாதச் செலவுக்கான தொகை இல்லாமல் இத்தகைய ஒப்பந்தத்தில் இறங்குவது, நல்ல விலை கிடைத்தாலும் இடர்தான்.

கணக்கில் வராத இரண்டு

வீட்டுக் கடன் திட்டத்தையும் மறந்துவிடலாகாது. மாதச் சம்பளக்காரரிடம் வங்கிகள் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் கேட்கின்றன. ஆலோசகராக வருமானம் ஈட்டுபவரிடம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகளைக் கேட்கின்றன. அடுத்த ஆண்டு வீடு கட்ட எண்ணும் ஒருவர் இப்போது மாறினால், வருமானம் உயர்ந்தாலும் கடன் தள்ளிப்போகக்கூடும். கடன் பெற்ற பின் மாறுவதா, மாறிய பின் காத்திருப்பதா என்பதை முன்கூட்டியே கிளை மேலாளரிடம் பேசித் தெளிவது நலம்.

மற்றொன்று பயணம். வைட்ஃபீல்டோடு நின்ற பயணம் எலக்ட்ரானிக் சிட்டி வரை நீண்டால் நாளுக்கு இரண்டு மணி நேரமேனும் கூடும். 212 நாளுக்கு 424 மணி. இந்த மணிகளுக்கு யாரும் பட்டியல் போட முடியாது. அவற்றையும் வேலை நேரத்தோடு சேர்த்து வகுத்தால், 350 ரூபாய் என்பது 280 ரூபாய் ஆகிவிடுகிறது.

மணிக்கணக்கு எப்போதும் பாதகமே என்று கொள்வதும் சரியன்று. இப்போதைய வேலையின் ஆண்டு மதிப்பான 5,96,400 ரூபாயை, ஆண்டுக்கு 227 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 328 ரூபாய். அதே வேலை நாள்தோறும் பத்து மணி நேரத்தை வாங்கிக்கொண்டால் அது 263 ரூபாயாகத் தேய்கிறது. அத்தகைய இடத்தில் உழல்பவருக்கு, செய்த ஒவ்வொரு மணிக்கும் கூலி தரும், வரம்பில்லாத, வீட்டிலிருந்தே பணியாற்றும் ஒப்பந்தம் கிடைத்தால், 350 ரூபாய்கூட ஏற்கத் தக்கதாகலாம்.

ஆகவே முகவர் அடுத்த முறை அழைக்கும்போது, அருகில் ஒரு தாளும் சம்பளச் சீட்டும் இருக்கட்டும். இருக்கும் வேலையின் முழு மதிப்போடு புதிய செலவுகளைக் கூட்டி, உண்மையில் வேலை செய்யக்கூடிய மணிகளால் வகுத்துக்கொள்வோம். நம் பொறியாளர் அன்று செய்தது அதுவே. “சமநிலைக்கே முந்நூற்றெண்பது வேண்டும், நானூற்றிருபது என்றால் பேசலாம். ஆனால் பத்து மாதம் கழித்துத்தான் சேர முடியும்” என்று அவர் விடை சொன்னார். முகவர் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் விடியலில் பொறியாளர் வழக்கம்போல் வைட்ஃபீல்டு செல்லும் ரயிலைப் பிடித்தார்.